மற்ற நாலு புள்ளி

மணி அடித்ததும் வகுப்பின் பின்பக்கத்துக் கதிரையிலிருந்து எழும்பி விறாந்தைக்கு வந்தேன். தரம் 7, விஞ்ஞானம், 38 பிள்ளைகள், இடைவேளைக்கு அடுத்த பாடவேளை. கற்பித்தல் பயிற்சியில் இருந்த ஆசிரியை தன்னுடைய பொருட்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். வழமைபோல அவதானிப்புப் படிவத்தைக் காட்டிக் கையொப்பம் வாங்கினேன். ‘வகுப்பறைக் கட்டுப்பாடு’ என்ற வரிசையில் பத்துக்கு ஆறு போட்டிருந்தேன். அவர் அந்த இடத்தை விரலால் தொட்டு, “மிஸ், இந்த மற்ற நாலு புள்ளியையும் எடுக்கிறதெண்டா நான் என்ன செய்திருக்க வேணும்?” என்று கேட்டார். குறைபட்டுக் கேட்கவில்லை. அடுத்த கிழமை இன்னொரு மேற்பார்வை இருந்தது, அதற்குத் தயாராக வேண்டும் என்று கேட்டார். “வகுப்பு கொஞ்சம் சத்தமா இருந்தது பிள்ளை, இன்னும் கொஞ்சம் இறுக்கமாப் பிடிச்சிருக்கலாம்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் சொன்னது ஒரு பதிலே இல்லை என்பது விறாந்தையின் மறு அந்தத்துக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

கோப்பாய்ச் சந்தி வரைக்கும் அதே யோசனைதான். முந்தின கிழமை இன்னொரு பள்ளிக்கூடத்தில், இன்னொரு பயிலுனருக்கு இதே வரிசையில் ஒன்பது போட்டிருந்தேன். அந்த வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும். ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதினார்கள். வகுப்பாசிரியர் கதவடியில் ஏதோ பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு நின்றார். அவருடைய பார்வைக்குப் பயந்து அடங்கியிருந்த வகுப்புக்குத்தான் நான் அந்தப் பயிலுனருக்கு ஒன்பது கொடுத்தேன். பிள்ளைகளை ஆறு குழுவாகப் பிரித்து, செவ்வரத்தம்பூ தேய்த்த கடதாசியையும் தேசிக்காய்ச் சாற்றையும் சவர்க்காரத் தண்ணீரையும் அவர்கள் கையிலேயே கொடுத்துப் பார்க்கவிட்ட பெண்ணுக்கு ஆறு கொடுத்தேன். இரண்டு புள்ளியும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

இதே காலத்தில்தான் எங்கள் டிப்ளோமாப் பாடநெறியின் வகுப்பறை முகாமைத்துவ அலகைத் திருத்தி எழுதும் வேலை எங்கள் நால்வர் தலையில் விழுந்தது. கற்றற் பேறுகள், கணிப்பீட்டு நியதிகள், அவதானிப்புப் படிவம் மூன்றையும் புதுப்பிக்க வேண்டும். இப்படியான வேலை வந்தால் பழைய கோப்பைத் திறந்து, வினைச்சொற்களை மாற்றி, அட்டவணையை நேராக்கி அனுப்பிவிடுவதுதான் நடைமுறை. நானும் அப்படிப் பல அலகுகளை அனுப்பியிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் கேள்வி இல்லாவிட்டால் இதையும் அப்படித்தான் அனுப்பியிருப்பேன்.

பழைய கோப்பில் இருந்தது

அலகு இரண்டு கிரெடிட். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின் கணக்கில் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்பதால், விரிவுரை, வாசிப்பு, பள்ளிக்கூடத்தில் நிற்கும் நேரம் எல்லாம் சேர்த்து நூறு மணித்தியாலம். அந்த நூறு மணித்தியாலத்துக்கு ஒன்பது கற்றற் பேறுகள் எழுதப்பட்டிருந்தன. ‘வகுப்பறை முகாமைத்துவக் கோட்பாடுகளை விளங்கிக்கொள்வர்.’ ‘நேரான கற்றற் சூழலின் முக்கியத்துவத்தை உணர்ந்துகொள்வர்.’ ‘வகுப்பறைக் கட்டுப்பாட்டை முறையாகப் பேணுவர்.’ மிச்சமும் இந்தச் சாயல்தான்.

‘விளங்கிக்கொள்வர்’ என்ற சொல்லில் என்ன பிழை என்பது ஆசிரியர் கல்வியில் இருக்கிற எல்லாருக்கும் மனப்பாடம். விளங்கியதை வெளியிலிருந்து பார்க்க முடியாது, எனவே ‘பட்டியற்படுத்துவர்’, ‘ஒப்பிடுவர்’, ‘செய்துகாட்டுவர்’ என்று கண்ணுக்குத் தெரிகிற வினை போட வேண்டும். புளூமின் படிநிலையை ஒட்டி வினைச்சொல் பட்டியல் ஒன்று எல்லாருடைய மேசையிலும் கிடக்கும். எங்கள் முதற் கூட்டத்தில் நாங்களும் அதைத்தான் செய்தோம். ஒன்றரை மணித்தியாலத்தில் ஒன்பது பேறுகளுக்கும் புது வினை வந்துவிட்டது. ‘வகுப்பறைக் கட்டுப்பாட்டை முறையாகப் பேணுவர்’ என்பது ‘வகுப்பறையைப் பயனுறுதியுடன் முகாமை செய்துகாட்டுவர்’ என்று ஆனது. அதை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். இந்த வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விறாந்தையில் நின்றிருந்தால் அவருக்கு என்ன சொல்லியிருப்பேன்? அதே ‘கொஞ்சம் சத்தமா இருந்தது’தான்.

ரொபேட் மேகர் 1962இலேயே ஒரு கற்றல் நோக்கத்துக்கு மூன்று பகுதி வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்: கற்பவர் செய்து காட்டும் செயல், அதைச் செய்கிற நிலைமை, எவ்வளவு நன்றாகச் செய்தால் போதும் என்ற அளவு. எங்களுடைய புது வசனத்தில் நிலைமையும் இல்லை, அளவும் இல்லை. செயல் என்று பார்த்தால், ‘முகாமை செய்தல்’ ஒரு செயலே அல்ல. நாற்பது நிமிடத்தில் ஒருவர் செய்கிற நூறு சின்னச் செயல்களுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் அது. வினைச்சொல்லை மாற்றிவிட்டால் பேறு திருந்திவிடும் என்று இத்தனை வருடமாக நான் நம்பியதுதான் முதல் பிழை.

ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பு

அன்றிரவு அந்த விஞ்ஞானப் பாடத்தின் படிவத்தைத் திரும்ப எடுத்தேன். புள்ளி போடுகிற கட்டங்களுக்கு வெளியே, தாளின் ஓரத்தில், நேரம் போட்டுக் குறித்துக்கொண்டு போகிற பழக்கம் எனக்கு உண்டு. அதை யாரும் கேட்பதில்லை, கோப்பிலும் சேர்ப்பதில்லை. அந்த ஓரத்தில் இப்படி இருந்தது. எட்டாவது நிமிடம்: ‘சரி, எல்லாரும் குழுவாகப் பிரியுங்கோ’. அதே நிமிடம்: வாங்குகள் இழுபடுகின்றன, ஆசிரியை செய்முறையைச் சொல்லத் தொடங்குகிறார். ஒன்பதாவது நிமிடம்: இன்னும் சொல்கிறார், முன்வரிசை இரண்டு குழு மட்டும் பார்க்கிறது. பத்தாவது நிமிடம்: சாறும் தண்ணீரும் கொடுபடுகின்றன. பதினோராவது நிமிடம்: ‘மிஸ், இதை என்ன செய்யிறது?’ மூன்று குழுவிலிருந்து. பதினான்காவது நிமிடம்: நாலாவது குழு கடதாசி முழுவதையும் சவர்க்காரத் தண்ணீருக்குள் போட்டுவிட்டது. பதினேழாவது நிமிடம்: எல்லாக் குழுவும் வேலை தொடங்கிவிட்டது.

எட்டிலிருந்து பதினேழு. ஒன்பது நிமிடம். அவர் கேட்ட நாலு புள்ளியும் அந்த ஓரத்தில்தான் கிடந்தது. பிள்ளைகள் எழும்புவதற்கு முன்னரே செய்முறையைச் சொல்லி முடித்திருக்க வேண்டும். சொன்னதை ஒரு பிள்ளையைக் கொண்டு திருப்பிச் சொல்லவைத்திருக்க வேண்டும். பொருட்களைக் கடைசியாகக் கொடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் கையில் தேசிக்காய்ச் சாறு வந்த பிறகு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் காது வேலை செய்யாது. இந்த மூன்றும் அடுத்த நாளே திருத்தக்கூடியவை. ‘இறுக்கமாகப் பிடி’ என்று நான் சொன்னது இந்த மூன்றிலும் சேராது. அவர் அதைக் கேட்டு அடுத்த கிழமை குரலை உயர்த்தியிருந்தால், எழும்பி நடக்கிற பிள்ளைகளுக்கு மேலால் இன்னும் பலமாகச் செய்முறை சொல்லியிருப்பார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் ஜேக்கப் கூனின் 1970இல் வெளியிட்ட ஆய்வு எனக்குச் சரியாகப் பிடிபட்டது. பெயரும் சொற்களும் பரீட்சைக்குப் படித்தவைதான். அவருடைய தேடல் ஒரு சின்ன விசயத்தில் தொடங்கியது. தன் விரிவுரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரைக் கண்டித்தபோது, கண்டிக்கப்படாத மற்றவர்களும் நிமிர்ந்து இருந்ததைக் கவனித்தார். எனவே கண்டிக்கும் முறையில்தான் சூட்சுமம் இருக்கும் என்று நினைத்து வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து பார்த்தார். கிடைத்தது எதிர்மாறு. பிரச்சினை வந்த பிறகு நல்ல ஆசிரியர் செய்வதற்கும் திணறுகிற ஆசிரியர் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் பிரச்சினை வருவதற்கு முன்னர் இருந்தது: வகுப்பு முழுவதும் தன் கண்ணில் இருக்கிறது என்பதை ஆசிரியர் பிள்ளைகளுக்கு உணர்த்துவது, ஒரே நேரத்தில் இரண்டு காரியத்தைக் கவனிப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுபறி இல்லாமல் நகர்வது.

படிவம் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய சிக்கல். முகாமைத்துவம் நன்றாக நடந்தால் வகுப்பில் ஒன்றும் நடக்காது. நடக்காத ஒன்றுக்கு நியதி எழுதுவது எப்படி? எங்கள் பழைய படிவம் அதற்குக் கண்டுபிடித்த குறுக்கு வழிதான் ‘வகுப்பு அமைதியாக இருந்தது’. அது வகுப்பின் நிலையை அளக்கிறது, பயிலுனர் செய்ததை அளக்கவில்லை. வகுப்பின் நிலைக்கு அந்தப் பயிலுனர் ஒரு காரணம். வகுப்பாசிரியர், பாடவேளை, வெயில், முந்தின பாடத்தில் வாங்கிய ஏச்சு என்று இன்னும் பத்துக் காரணம் இருக்கும்.

திருத்தி எழுதியது

அடுத்த கூட்டத்துக்கு ஓரக்குறிப்பின் பிரதியைக் கொண்டுபோனேன். ஒன்பது பேறுகளை நாலாகக் குறைத்தோம். நூறு மணித்தியாலத்தில் ஒன்பதைக் கற்பிக்கலாம், உண்மையாகக் கணிப்பிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இதற்குப் புள்ளி குறைந்தால், குறைந்ததற்கான காரணத்தை நாளைக்கே செய்யக்கூடிய ஒரு செயலாக அந்தப் பயிலுனருக்குச் சொல்லலாமா? சொல்ல முடியாதவை வெளியே போயின.

நாலில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன், அதில்தான் அதிகம் மல்லுக்கட்டினோம். ‘முப்பத்தைந்து பிள்ளைகளுக்குக் குறையாத வகுப்பொன்றில், ஒரு செயற்பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, பிள்ளைகள் நகருவதற்கு முன்னர் அறிவுறுத்தலை முடித்து, அது விளங்கியதை உறுதிசெய்து, மாற்றத்தை நடத்துவார்.’ வசனம் அழகாக இல்லைத்தான். ஆனால் மேகர் கேட்ட நிலைமை இருக்கிறது, செயல் இருக்கிறது, வாசிக்கிற பயிலுனருக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

அளவுக்கு என்ன போடுவது என்பதில் நாங்கள் ஒருமுறை நன்றாகச் சறுக்கினோம். என்னுடைய ஒன்பது நிமிடக் கணக்கைப் பார்த்து, ‘மாற்றம் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்’ என்று முதல் வரைவில் எழுதினோம். எண்ணாக இருக்கிறது, யார் அளந்தாலும் ஒன்றுதான் என்று திருப்திப்பட்டோம். அந்தத் தவணைப் பயிற்சியில் அதைப் பரீட்சித்தபோது மூன்றாம் நாளே விளைவு தெரிந்தது. ஒரு பயிலுனர் முந்தின நாளே பிள்ளைகளை நிறுத்தி ஒத்திகை பார்த்திருந்தார். மேற்பார்வையாளர் வந்ததும் வகுப்பு அணிநடை மாதிரிப் பிரிந்து போனது, ஒன்றரை நிமிடம், ஆனால் குழுவில் போய் இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னொருவர் குழு வேலையையே விட்டுவிட்டார், மாற்றமே இல்லாவிட்டால் நேரமும் போகாது என்று. மணிக்கூட்டை அளவாக வைத்தால் பயிலுனர் மணிக்கூட்டுக்குத்தான் கற்பிப்பார். நேரத்தை எடுத்தோம். இப்போதும் மேற்பார்வையாளர் நேரத்தைக் குறிக்கிறார், ஆனால் பாடத்தின் பிறகு பேசுவதற்கு மட்டும். அதற்குப் புள்ளி இல்லை.

பிறகு மட்டங்களை எழுதினோம். இதில் எல்லாரும் விழுகிற ஒரு குழி இருக்கிறது. ‘மிகச் சிறப்பாக அறிவுறுத்தினார்’, ‘பெரும்பாலும் நன்றாக அறிவுறுத்தினார்’, ‘ஓரளவு அறிவுறுத்தினார்’ என்று ஒரே வசனத்தின் அடைமொழியை மாற்றி நாலு மட்டம் ஆக்குவது. பார்க்க ஒழுங்காக இருக்கும். என்னுடைய ‘ஓரளவு’ உங்களுடைய ‘பெரும்பாலும்’ ஆக இருந்தால் அந்த அட்டவணையால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒவ்வொரு மட்டத்திலும் பயிலுனர் செய்கிற செயலே வேறாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். சித்தி மட்டத்தைத்தான் முதலில் எழுதினோம், ஏனென்றால் சண்டை வருவது எப்போதும் அந்தக் கோட்டில்தான்.

சித்தி: வகுப்பின் கவனத்தைப் பெற்ற பிறகு அறிவுறுத்துகிறார், அறிவுறுத்தல் முடிந்த பிறகே பிள்ளைகள் நகருகிறார்கள். அதற்குக் கீழே: பிள்ளைகள் நகரும்போது அறிவுறுத்துகிறார், அல்லது பொருட்களைக் கொடுத்த பிறகு அறிவுறுத்துகிறார். சித்திக்கு மேலே: ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லவைத்து, பிழையாக விளங்கியிருந்தால் நகர்வுக்கு முன்னரே திருத்துகிறார். ‘விளங்கினதா?’ என்று கேட்டு ‘ஓம் மிஸ்’ வாங்குவது இதில் சேராது என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவைத்தோம், அதைச் சேர்ப்பதா என்று கேட்காத மேற்பார்வையாளர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே: நகர்வு நடக்கும்போது திணறுகிற குழுவைக் கண்டு, முழு வகுப்பையும் நிறுத்தாமல் அந்தக் குழுவை மட்டும் சரிப்படுத்துகிறார். இந்த மட்டங்களோடு பார்த்தால் அந்த விஞ்ஞானப் பாடம் இந்தப் பேறில் சித்திக்குக் கீழே. நான் கொடுத்த ஆறைவிடக் குறைவு. ஆனால் இந்த முறை ஏன் குறைவு என்று சொல்லியிருப்பேன், அவர் அடுத்த கிழமையே இரண்டு படி ஏறியிருப்பார்.

கூட்டிப் போடக் கூடாத ஒன்று

எங்களுக்குள் நடந்த பெரிய வாக்குவாதம் வேறொரு இடத்தில் வந்தது. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு பயிலுனர் பாடத்தின் நடுவில் ஒரு பையனின் காதைப் பிடித்துத் திருகினார். நான்தான் மேற்பார்வை. ‘மாணவருடனான தொடர்பு’ என்ற வரிசையில் ஐந்துக்குப் பூச்சியம் போட்டேன். பாடக்குறிப்பு, கற்பித்தற் சாதனங்கள், கரும்பலகை வேலை எல்லாவற்றிலும் அவர் கெட்டிக்காரர். கூட்டிப் பார்த்தால் 64, சித்தி. அந்தக் காதுத் திருகலின் விலை ஐந்து புள்ளி. அந்தப் பையன் மிச்சப் பாடவேளை முழுவதும் காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மேசையைப் பார்த்தபடி இருந்தான். நான் கையொப்பம் இட்டுக் கோப்பில் வைத்தேன். அதை நினைக்க இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை சொல்கிறது, அதற்கு முன்னரும் 2005இல் ஒன்று வந்தது. சுற்றறிக்கை இருப்பது எல்லாப் பயிலுனருக்கும் தெரியும். பரீட்சையில் அதன் இலக்கத்தைக் கேட்டால் எழுதுவார்கள். ஆனால் எங்கள் படிவம் வேறொன்றைக் கற்பித்துக்கொண்டிருந்தது: அடித்தாலும் மற்றதில் ஈடுகட்டலாம். புள்ளிகளைக் கூட்டுகிற எந்தத் திட்டத்திலும் ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடும். மூடக் கூடாத ஒன்றைக் கூட்டலுக்கு உள்ளே வைக்கவே கூடாது.

எனவே அதைப் புள்ளியிலிருந்து வெளியே எடுத்துத் தனி நிபந்தனையாக எழுத வேண்டும் என்றேன். அடித்தல், திருகுதல், முழங்காலில் நிறுத்துதல், பிள்ளையின் குடும்பத்தையோ உடலையோ சொல்லி மற்றவர் முன்னால் கேவலப்படுத்துதல் இவற்றில் ஒன்று நடந்தாலும் அந்தப் பாடம் சித்தி இல்லை, மற்றவை எப்படி இருந்தாலும் சரி. எங்களில் மூத்த ஒரு சேர், “ஒரு நிமிசக் கோபத்துக்கு ஒரு பிள்ளையின்ர டிப்ளோமாவை நிப்பாட்டிறதோ?” என்று கேட்டார். ஞாயமான கேள்வி. இரண்டு கூட்டம் அதிலேயே போனது. கடைசியில், அந்த ஒரு பாடம் மட்டும் சித்தி இல்லை, பேசி, எழுத்தில் விளக்கம் வாங்கி, இன்னொரு பாடத்துக்கு இன்னொரு மேற்பார்வையாளர் வருவார் என்று எழுதினோம். அந்தச் சேர்தான் பிறகு, ‘குரலை உயர்த்துதல்’ என்பதை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று எங்களைத் தடுத்தார். அதைச் சேர்த்திருந்தால் நிபந்தனை மலிந்து, யாரும் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். அவர் சொன்னது சரி.

பாடம் முடிந்த பிறகு பத்து நிமிடம்

நடக்காததைக் கணிப்பிடுவது எப்படி என்ற கேள்வி இன்னும் மிச்சம் இருந்தது. பயிலுனர் ஒரு சின்னக் குழப்பத்தைக் கண்டு, வேண்டுமென்றே பேசாமல் விட்டாரா, அல்லது காணவே இல்லையா? பின்பக்கத்துக் கதிரையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அவரையே கேட்க வேண்டும். பாடம் முடிந்த கையோடு பத்து நிமிட உரையாடல் ஒன்றைக் கணிப்பீட்டில் சேர்த்தோம். பொதுவாக ‘உங்கள் பாடத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்டால் வாய்க்காரர்களுக்குத்தான் புள்ளி போகும். எனவே மேற்பார்வையாளர் ஓரத்தில் நேரத்தோடு குறித்த இரண்டு சம்பவத்தை எடுத்து அதைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். இப்போது அந்த ஓரம் படிவத்தின் ஒரு பகுதி, தாளின் இடப்பக்கத்தில் முழு நீளத்துக்கு ஒரு நிரல்.

போன தவணை ஒரு பயிலுனர் தரம் 8 வகுப்பில் படம் வாசிக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டாவது நிமிடத்தில், பேசிக்கொண்டே யன்னல் பக்கக் குழுவுக்குப் போய், ஒரு பையனின் கதிரைக்குப் பின்னால் ஒரு நிமிடம் நின்றார். அவனைப் பார்க்கவும் இல்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. பிறகு முன்னால் வந்துவிட்டார். ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டேன். “அவன் பக்கத்துப் பிள்ளையின்ர பெட்டியில இருந்து கொம்பாசை எடுத்து வாங்குக்குக் கீழ வச்சிருந்தான் மிஸ். பேரைச் சொன்னா முப்பத்தாறு பேரும் திரும்பிப் பார்ப்பினம், பாடம் நிண்டிடும். பக்கத்தில போய் நிண்டா அவனே திருப்பி வைப்பான் எண்டு தெரியும்.” வைத்தானா என்று கேட்டேன். “நான் முன்னால வரேக்க பெட்டி மூடுற சத்தம் கேட்டது” என்றார். எனக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கவில்லை. கொம்பாசும் என் கண்ணில் படவில்லை. பழைய படிவத்தில் இந்த ஒரு நிமிடத்துக்கு இடமே இல்லை.

மேற்பார்வையாளர்களுக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, இரண்டு பேர் ஒரே பாடத்தில் இருந்து, தங்களுக்குள் பேசாமல் தனித்தனியே நிரப்பி, பிறகு ஒப்பிடுகிறோம். ஒரு பாடத்துக்குப் பழைய படிவத்தில் ‘கட்டுப்பாடு’ வரிசைக்கு ஒருவர் நாலும் மற்றவர் எட்டும் போட்டிருந்தார்கள், காரணம் கேட்டால் இரண்டு பேரும் ‘சத்தம்’ என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள், ஒருவருக்கு அது குழப்பம், மற்றவருக்கு அது பிள்ளைகள் வேலை செய்கிற சத்தம். புதுப் படிவத்தில் நாங்கள் சேர்ந்து பார்த்த பாடங்களில் பெரும்பாலும் ஒரு மட்டத்துக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. வருகிற இடத்தில் இரண்டு ஓரக்குறிப்பையும் பக்கத்தில் வைத்தால், யார் எதைக் காணாமல் விட்டார் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

நாலு பேறில் ஒன்றை மட்டும் ஒரு பாடத்தைப் பார்த்துக் கணிப்பிடுவதை நாங்கள் விட்டுவிட்டோம். நாளாந்த ஒழுங்குகளைப் பழக்குவது, அதாவது கொப்பி சேர்ப்பது, பிந்தி வருகிற பிள்ளை உள்ளே வருவது, தண்ணீர் குடிக்கப் போவது போன்றவை. இவை பழக்கத்துக்கு வரக் கிழமைகள் ஆகும். ஒரு நாள் போய்ப் பார்க்கிறவர் காண்பது வகுப்பாசிரியர் ஏற்கெனவே பழக்கிவைத்ததைத்தான். அதற்குப் பயிலுனரின் மூன்று கிழமை நாட்குறிப்பை வாசிக்கிறோம்: எந்த ஒழுங்கைத் தெரிந்தெடுத்தார், முதல் நாள் என்ன ஆனது, எதை மாற்றினார். மூன்று கிழமையும் ஒரே மாதிரி ‘வெற்றிகரமாக நடைபெற்றது’ என்று எழுதிய குறிப்புக்குப் புள்ளி இல்லை. மாறாமல் நடந்த ஒழுங்கை நான் இதுவரை எந்த வகுப்பிலும் கண்டதில்லை.

தீராத ஒன்று மண்டப வகுப்புகள். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் ஒரு நீள மண்டபத்துக்குள் நாலு வகுப்பு இருக்கும், இடையில் ஒரு தட்டி மட்டும், சில இடத்தில் அதுவும் இல்லை. தரம் 6 தமிழ்ப் பாட்டுப் படிக்கும்போது பக்கத்தில் தரம் 7 கணக்குச் செய்யும். அங்கே ‘வகுப்பின் கவனத்தைப் பெற்ற பிறகு’ என்ற எங்கள் சித்தி மட்டமே ஆட்டம் காண்கிறது. போன மாதம் அப்படியொரு மண்டபத்தில் ஒரு பயிலுனர், செய்முறையை வாயால் சொல்லாமல், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மட்டையில் எழுதிக் கொடுத்து, குழுத்தலைவரைத் தன்னிடம் கூப்பிட்டு மட்டையை வாசித்துக்காட்டச் சொன்னார். பிள்ளைகள் ஏற்கெனவே குழுவாகத்தான் இருந்தார்கள், முழு வகுப்பின் கவனத்தை அவர் ஒருமுறையும் பெறவில்லை. படிவத்தின்படி அவர் சித்திக்குக் கீழே. எல்லாக் குழுவும் நாலு நிமிடத்தில் வேலை தொடங்கிவிட்டன. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ஓரத்தில் நடந்ததை முழுவதும் எழுதிக்கொண்டு வந்தேன். வருகிற வியாழக்கிழமைக் கூட்டத்தில் அந்தத் தாளைத்தான் முதலில் மேசையில் வைக்கப் போகிறேன்.